மற்ற பூமாரி வரவேண்டாம்

போடி பஜாரில் ஞானதுரை மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வெளியே போகிற வேலை மனு எதுவானாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "மகா கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்திற்கு, அடியேன் மிகுந்த பணிவுடனும் தாழ்மையுடனும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது யாதெனில்." இது தமிழில். இங்கிலீஷில் இதைவிட இரண்டு மடங்கு தாழ்மை. முதல் பத்தியில் குனியும், இரண்டாம் பத்தியில் மண்டியிடும், மூன்றாம் பத்தியில் நெடுஞ்சாண்கிடையாக விழும். கடைசியில் கையெழுத்துப் போட இடம் வருவதற்குள் மனுக்காரனைத் தரையிலிருந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

அந்தத் தாளை மேசைமேல் நிமிர்த்தி வைத்தால் தானாகவே வளைந்துகொள்ளும் என்று சொல்வார்கள். தபால்காரர் செல்வமணிக்கு, அந்தக் கவர்கள் பையில் இருக்கிற நாட்களில் மட்டும் முதுகு கூன் விழுந்து, தபாலாபீசில் பையைக் கொட்டியதும் நேராகிவிடும். மதுரையில் ஓர் அதிகாரி போடியிலிருந்து வந்த மனுக்களைக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய், பழக்க தோஷத்தில் சம்சாரத்தின் காலில் விழுந்துவிட்டார். அந்த அம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆசீர்வாதம் பண்ணி அனுப்பி வைத்தார்.

இந்த மனுப் பாரத்தை மாஸ்டர் வெள்ளைக்காரன் காலத்து ஹெட்கிளார்க் ஒருவரிடமிருந்து பெற்றார். அதற்குப் பிறகு ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. இதை அனுப்பி வேலை கிடைத்தவர்களெல்லாம் பாரத்தால் கிடைத்தவர்கள். கிடைக்காதவர்கள், போதுமான அளவு குனியாதவர்கள். இதில் எதிர்த்து வழக்காட இடமே இல்லை.

பூமாரி அந்த இன்ஸ்டிடியூட்டில்தான் வேலை பார்த்தாள். தேவாரத்துச் சங்கிலியின் மகள். மதுரையில் ஹாஸ்டலில் இருந்து பி.காம். முடித்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டு பாஷையிலும் டைப் ஹையர் பாஸ் பண்ணியவள். காலையில் பஸ்ஸில் வந்து, பிள்ளைகளுக்கு டைப் சொல்லிக்கொடுத்து, பொழுது சாய ஊர் திரும்புவாள். மற்ற நேரத்தில் மாஸ்டரின் பாரத்தில் தன் பெயரை அடித்து ஊர் ஊராக அனுப்புவாள். அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம் அவள் அய்யா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"சித்திரை வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு எடம் அமையலைன்னா மாமன் ஸ்டோர்ல கணக்கெழுதப் போயிரு. அவுகளும் ஆள் இல்லாம தவிக்காக."

"சம்பளம்?"

"வீட்டுப் பிள்ளைக்கு என்னாத்தா சம்பளம். வேளாவேளைக்குக் காப்பி வாங்கித் தருவாக."

மாமன் சீனிச்சாமிக்குப் போடியில் ஏலக்காய் ஸ்டோர். உள்ளே போனவர்கள் வெளியே வந்த வரலாறு அந்த ஸ்டோருக்குக் கிடையாது. முன்னே இருந்த கணக்கப்பிள்ளை கருத்த மீசையோடு உள்ளே போனவர். ஒரேயடியாக வெளியே வந்தது பாடையில்தான். எரித்த அன்று சுடுகாட்டுப் பக்கமாகப் போனவர்கள், யார் வீட்டிலோ பாயசம் கிண்டுகிறார்கள் என்று நினைத்து அங்கேயே நின்று பார்த்தார்களாம்.

ஆகவே பூமாரிக்குச் சித்திரை வரைக்கும்தான் தவணை. அந்த நேரம் பார்த்துப் பேப்பரில் மூன்று விளம்பரம் வந்தது. சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குத் தமிழில் விளம்பரம் எழுத ஆள் வேண்டும். மதுரையில் ஒரு பேங்குக்குக் கிளார்க் வேண்டும். கோயமுத்தூரில் இரண்டு இன்ஜினீயர்ப் பையன்கள் புதிதாக ஆரம்பித்திருக்கிற கம்பெனிக்கு, ஆபீஸ் காரியம் எல்லாவற்றையும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அவர்கள் பண்ணுவது கிணற்று மோட்டாருக்கு ஒரு பெட்டி. கரண்டின் மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் அந்தப் பெட்டி மோட்டாரைத் தானாகவே நிறுத்திவிடும், உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் எரியாது.

மறுநாள் அவள் வருவதற்குள் மாஸ்டர் மூன்று தாளை அடித்துத் தயாராக வைத்திருந்தார்.

"ஆத்தா, மூணு மனுவும் ரெடி. கையெழுத்துப் போட்டு ஒட்டிரு."

பூமாரி வாசித்துப் பார்த்தாள். மேலே விலாசம் மட்டும்தான் வேறு.

"மூணும் ஒன்னாவே இருக்கே மாஸ்டர்."

"வேலை கேக்குறது ஒன்னுதான?"

"கேக்குற எடம் ஒன்னு இல்லையே. நீங்க சர்ச்சுல பாதிரி ஐயர்கிட்ட பேசுறாப்லதான் சந்தையில மாட்டுத் தரகன்கிட்ட பேசுவீகளா?"

"தரகன்கிட்ட என்ன மரியாதை."

"சரி, உங்க தம்பி பேரன் போன மாசம் பொறந்தானே. அவன் தொட்டிலுக்கு முன்னாடி கையக் கட்டிக்கிட்டு மகா கனம் பொருந்தியன்னு நிப்பீகளா? இந்தக் கோயமுத்தூர்க் கம்பெனியும் இப்பத்தான் பொறந்திருக்கு. அதைப் போயி மகா கனம்னா பயந்து அழுதுரும்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் கண்ணாடிதான் சுத்தமாகும்.

"பணிவுக்கு ஆளு வித்தியாசம் கெடையாது."

"இது பணிவு இல்ல மாஸ்டர், கெஞ்சல். ரெண்டு வருசமா கெஞ்சிப் பாத்தாச்சு. இனி கெஞ்ச மாட்டேன்."

"கெஞ்சாத மனுவுக்கு என் சர்டிபிகேட் கெடையாது. இங்கன வேலை பாத்தன்னு ஒரு வரி எழுதித் தர மாட்டேன், பாத்துக்க."

"தர வேண்டாம். நான் இங்கன வேலை பாத்தது பஜாருக்கே தெரியும்."

அன்று பிள்ளைகள் போன பிறகு அவர் கண்ணெதிரிலேயே அவருடைய மெஷினில் தாளைச் சொருகினாள். மாஸ்டர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தட்டுகிற சத்தத்தை வைத்தே எந்த எழுத்து விழுகிறதென்று அவருக்குத் தெரியும். "அடியேன்" என்ற சத்தம் வருகிறதா என்று காத்துக்கொண்டே இருந்தார். வரவில்லை.

விளம்பரக் கம்பெனிக்கு இப்படி அடித்தாள்:

"எங்கள் ஏலக்காய் மலையில் வருஷத்துக்கு ஒரே ஒரு மழைதான். ஆனியில் ஆரம்பிக்கும், மார்கழியில் விடும். இந்த ஒரு வரியைக் கொடுத்தால் எந்தக் குடையையும் விற்றுவிடுவேன். குடை எதுவும் கைவசம் இல்லாததால் மஞ்சள்தூள், சைக்கிள், சீட்டித்துணி மூன்றுக்கும் விளம்பரம் எழுதி இணைத்திருக்கிறேன். நன்றாக இருந்தால் கூப்பிடுங்கள். நன்றாக இல்லையென்றால் எது நன்றாக இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்."

எழுதத் தெரியும் என்று சொல்லிப் பயனில்லை, எழுதிக் காட்ட வேண்டும். விளம்பரக் கம்பெனிக்கு அதுதான் முறை. அந்தச் சூட்டிலேயே பேங்குக்கும் அடித்தாள். "உங்கள் பணத்தை எண்ணுவதற்கு எனக்குப் பத்து விரல் இருக்கிறது, கும்பிடுவதற்கு ஒன்றுகூட மிச்சமில்லை" என்று ஆரம்பித்திருந்தாள். அடித்து முடித்ததும் உடம்பெல்லாம் குளுகுளு என்றிருந்தது. பிறகு வாசித்துப் பார்த்தாள். வாசிக்க வாசிக்கக் குளுகுளுப்புக் குறைந்தது. அய்யா பருத்தி விற்ற பணத்தை இந்தக் கடிதம் எழுதியவளிடம் கொடுத்துவிட்டுத் தைரியமாக வீட்டுக்குப் போவாரா? போக மாட்டார். வாசலிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

பேங்க் என்பது அடுத்தவர் பணத்தை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்க வேண்டிய இடம். ஆச்சரியப்படுத்துகிற ஆளைக் கண்டால் அது பயப்படும். அது பயப்படுவதுதான் ஊருக்கும் நல்லது. கெஞ்சாமல் இருப்பது வேறு, எகிறுவது வேறு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தாளை உருவிக் கிழித்தாள்.

மாஸ்டர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "என்ன, கிழிக்கிற சத்தம் கேக்குது" என்றார் சந்தோஷமாக.

"திருத்துறேன்."

"அடியேன்னு போடு, திருந்திரும்."

அவள் புதுத் தாள் சொருகினாள். பொருள் என்று ஒரு வரி. பார்வை என்று போட்டு, விளம்பரம் வந்த பேப்பரும் தேதியும். படிப்பு, மார்க், டைப்பில் எந்த வேகம், எத்தனை வருஷம் எங்கே வேலை, என்னென்ன நகல் இணைத்திருக்கிறது. ஐயா என்று ஆரம்பித்து, தங்கள் உண்மையுள்ள என்று முடித்தாள். வணக்கம் சொல்லி உள்ளே போய், கேட்டதற்குப் பதில் சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வருகிற கடிதம். அதில் மரியாதை இருந்தது, முதுகெலும்பும் இருந்தது. வேறு ஒரு சாமானும் இல்லை.

கோயமுத்தூர்ப் பையன்களுக்குக் கடைசியாக:

"எங்கள் கிணற்று மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. ஒரு ஃபேஸ் போனதை என் அய்யா கவனிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் பெட்டி தூங்காது என்று தெரிகிறது. ஆனால் உங்கள் விளம்பரத்தை வாசித்துக் காட்டினேன், அய்யாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி என்னால் எழுத முடியும். வாங்கினவர்கள் போடுகிற புகார்க் கடிதத்துக்கும் பதில் எழுதுவேன். கணக்குத் தெரியும், டைப் தெரியும். தெரியாத வேலை வந்தால் கற்றுக்கொள்வேன். எப்போது வந்து பார்க்கலாம்?"

அவ்வளவுதான். பிறந்து சில மாதமே ஆன கம்பெனிக்கு நீளமாக வாசிக்க நேரம் இருக்காது. யாராவது வந்து கையில் இருக்கிற வேலையில் பாதியை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றையும் ஒட்டி, மாஸ்டர் கண்ணில் படும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்தாள்.

இந்த இடத்தில் இன்ஸ்டிடியூட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மேகமலையில் தோட்டத் தொழிலாளிகளின் லயன் வீடுகளிலிருந்து மனுப்போட வருகிறவர்கள் ஒரு தடவை இறங்கி வந்து விவரத்தைச் சொல்லிவிட்டு ஏறிவிடுவார்கள். மனுவை அடித்து முடித்த பிறகு கையெழுத்துக்காக மறுபடியும் அந்த ரோட்டில் இறங்கினால் எலும்புகள் வேறு வேறு நேரத்தில் வந்து சேரும். அதனால் மாஸ்டரே அவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். ஆண், பெண், கிழவன், குமரி எல்லாருக்கும் ஒரே கை. பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு சுழி கிளம்பி, கம்பத்துத் திராட்சைக் கொடி மாதிரி பந்தல் ஏறி, முடிந்தால் ஒரு குலையும் தள்ளும். இது தப்பு என்று யாரும் சொன்னதில்லை. உபகாரம் என்றுதான் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்குப் போன மாஸ்டர், நல்ல பிள்ளை, தலைக்கனத்தில் தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டுவிட்டதே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மறுநாள் காலையில் முதல் வேலையாக, மீந்து கிடந்த அந்த மூன்று பாரத்திலும் "பூமாரி" என்று திராட்சைக் கொடியோடு கையெழுத்திட்டு, அவளுக்குத் தெரியாமல் அதே மூன்று விலாசத்துக்கும் அனுப்பிவைத்தார்.

முதலில் பேங்கிலிருந்துதான் பதில் வந்தது. பூமாரி கவரைப் பிரித்து நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள்.

"ஒரே பெயரிலும் ஒரே விலாசத்திலும் இரண்டு மனுக்கள் வரப்பெற்றுள்ளன. இரண்டிலும் உள்ள கையெழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்."

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"போட்டீகளா?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"எத்தனை இடத்துக்கு?"

"உபகாரத்துல பாரபட்சம் பாக்குறதில்ல ஆத்தா."

"நாளைக்கு நீங்களும் மதுரைக்கு வர்றீக."

"நான் எதுக்கு?"

"ரெண்டாவது பூமாரி இல்லாம நான் மட்டும் போனா பேங்குல நம்புவாகளா?"

மதுரை வரைக்கும் பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆண்டிப்பட்டிக் கணவாயில் மட்டும் மாஸ்டர் ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். அதனால் சமாதானம் என்று அர்த்தமில்லை.

பேங்கில் அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தவர் வைகுண்டராஜ் என்கிற அதிகாரி. ஊரே தீப்பிடித்தாலும் தீயின் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார், அப்படிப்பட்ட மனுஷர். மேசைமேல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று நேராகக் கிடந்தது. இன்னொன்று வளைந்திருந்தது, அதன்மேல் பேப்பர் வெயிட் வைத்திருந்தார்.

"இதுல எதும்மா நீ?"

"நேரா கெடக்குறது சார்."

ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"இந்த மனுவைப் பாத்துட்டு உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுற கட்டுல வச்சிருந்தேன். எதைத் தேடுறமோ அது தேடுற இடத்துல இருந்துச்சு. அடுத்த தபால்ல இது வருது. ரெண்டு கையெழுத்து இருக்குற ஒருத்தியைக் கவுண்ட்டர்ல உக்காத்தி வைக்க முடியுமா, நீயே சொல்லு."

"முடியாது சார். ஆனா எனக்கு ஒரு கையெழுத்துதான்."

"அப்ப இது யாரு போட்டது?"

"நாந்தான்" என்றார் மாஸ்டர். "இவ பேருக்கு நான் உபகாரமா..."

வைகுண்டராஜ் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். உபகாரம் என்ற வார்த்தை அவருடைய சர்க்குலர் எதிலும் இல்லை.

"சரி. பெரிசு பண்ண வேண்டாம்னு நெனைக்கேன்" என்று பூமாரியிடம் திரும்பினார். "பணிவுடன் மன்னிக்க வேண்டுகிறேன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. ஃபைல்ல வச்சிட்டு மறுபடி கட்டுல சேத்துர்றேன்."

பூமாரிக்கு மாமன் ஸ்டோர் ஒரு தடவை மூக்கில் மணத்தது. ஒரு வரி எழுதினால் போதும். இத்தனை நாள் எத்தனை பேருக்கு அந்த வரியை அடித்துக் கொடுத்திருக்கிறாள். விரலுக்கு மனப்பாடம்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன் சார்."

"ஏன்?"

"நான் தப்பு செய்யலை. நடந்ததை நடந்தபடி எழுதித் தர்றேன். அது உங்களுக்குப் போதும்னா வச்சுக்கோங்க."

எழுதினாள். பொருள், பார்வை, முதல் மனு தன்னுடையது, இரண்டாவது தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது, அனுப்பியவர் இன்னார், உடன் வந்திருக்கிறார். தங்கள் உண்மையுள்ள. அதை வாங்கி வாசித்த வைகுண்டராஜுக்கு ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே கொஞ்சம் எரிச்சல் வந்தது.

"அப்ப மன்னிப்பை நீங்க எழுதுங்க" என்று தாளை மாஸ்டர் பக்கம் தள்ளினார். "ஓரத்துல மெஷின் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

மாஸ்டர் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். தாளைச் சொருகினார். விரல்கள் தாமாக இடத்தில் போய் நின்றன. அப்படியே நின்றன. முப்பது வருஷமாக ஒரு பள்ளத்தாக்கின் சார்பில் காலில் விழுந்தவர், தன் சொந்தப் பெயரில் இதுவரை ஒரு மனுவும் போட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரியவந்தது. காது மடல் சிவந்தது.

"நானா? நான் எதுக்குக் கெஞ்சணும்?"

"கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

"போட்டேன். நல்லதுக்குப் போட்டேன். அதுக்கு என்னையக் காலுல விழச் சொல்றீகளா?"

பூமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தால் மாஸ்டர் இன்னும் சூடாவார்.

கொஞ்ச நேரம் கழித்து மெஷின் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். உருவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இந்தக் கையெழுத்து நான் போட்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இனிமேல் யாருக்கும் போட மாட்டேன். ஞானதுரை." அதன் கீழே கையெழுத்து. அதில் கொடி ஓடவில்லை.

வைகுண்டராஜ் இரண்டு தாளையும் ஃபைலில் கோத்தார். "மேல அனுப்புறேன். எங்க ஃபைலு மேல போறப்ப வேகமாப் போகும். கீழ வர்றதுக்குத்தான் நாளாகும்" என்றார். அது சீக்கிரத்தில் வராது என்று மூன்று பேருக்குமே தெரியும்.

திரும்பி வந்தபோது சென்னையிலிருந்து கடிதம் வந்து காத்துக்கொண்டிருந்தது. விளம்பரக் கம்பெனிக்காரர்கள் ஒரே குஷியாக எழுதியிருந்தார்கள். குடைக் கடிதம் பரவாயில்லை. ஆனால் பின்னாலேயே அனுப்பிய அந்த நையாண்டி இருக்கிறதே, நம் நாட்டு ஆபீஸ்களை இப்படி யாரும் கிண்டல் பண்ணியதில்லை. சத்தம்போட்டு வாசித்தோம், எங்கள் தலைமை எழுத்தாளர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். உடனே வாருங்கள், இதே மாதிரி தினமும் எழுதலாம்.

மாஸ்டர் அதை வாங்கி வாசித்தார். "நையாண்டியா?" என்றார். மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தார்.

கடைசியில் அவரே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போயிரு ஆத்தா. அது என்னோடதுன்னு யாருக்குத் தெரியப்போகுது. உன் பேருதான போட்டிருக்கு."

"என் பேரு போட்டுருக்கு. என் கையெழுத்து இல்லையே." மெஷினில் தாளைச் சொருகினாள். "எனக்கு ஒரு கையெழுத்துதான்னு இப்பத்தான் மதுரையில அடிச்சுச் சொல்லிட்டு வாறேன். இங்கன வந்து மாத்திச் சொன்னா நான் ரெண்டு பூமாரின்னு ஆயிரும்."

சென்னைக்கு எழுதினாள்: "குடை என்னுடையது. மற்றது போடி ஞானதுரை மாஸ்டர் மனப்பூர்வமாக எழுதியது. அவர் நையாண்டி பண்ணவில்லை. அவரைப் பார்த்துச் சிரிப்பதாக இருந்தால் நான் வரவில்லை. குடை போதுமென்றால் கூப்பிடுங்கள்."

குடை போதவில்லை. கூப்பிடவில்லை.

சித்திரை பிறந்தது. மாமன் ஸ்டோரில் அவளுக்கென்று ஒரு மேசையைத் துடைத்துப் போட்டுவிட்டதாக ஆள் வந்து சொல்லிப் போனான். அவள் அய்யாவும் ஒரு தடவை ஜாடையாகப் பார்த்தார். பூமாரி மறுநாளும் இன்ஸ்டிடியூட்டுக்கே பஸ் ஏறினாள்.

"எங்கிட்டுத்தா போற?" என்றார் அய்யா.

"சித்திரை இன்னும் முடியலையே."

அன்று செல்வமணி ஒரு கார்டு கொண்டுவந்து கொடுத்தார். கோயமுத்தூர். மசி கையில் ஒட்டுகிற அவசரத்தில் எழுதியது.

"அன்புள்ள பூமாரி, தாமதத்துக்குக் காரணம் நாங்கள் பெட்டி பண்ணிக்கொண்டிருந்தோம், கடிதம் பிரிக்க ஆள் இல்லை. அந்த ஆள் நீங்களாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். அடுத்த திங்கட்கிழமை வாருங்கள், வேலையை அன்றே ஆரம்பிக்கலாம். முதல் வேலை, உங்கள் அய்யாவுக்குப் புரிகிற விளம்பரம். உங்கள் ஊரிலிருந்து அதே பெயரில் இன்னோர் அம்மாளும் மனுப் போட்டிருக்கிறார்கள். ரொம்ப வயதானவர்கள் போலத் தெரிகிறது, மூன்று பத்தியிலும் முழங்காலிலேயே நிற்கிறார்கள். எங்களிடம் நாற்காலியே மூன்றுதான். மற்ற பூமாரி வரவேண்டாம் என்று மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள்."

பூமாரி கார்டை மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

"உங்களை வர வேண்டாம்னுட்டாக."

மாஸ்டர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நாற்காலி மூணா?"

"மூணுதானாம்."

"அப்ப சின்னக் கம்பெனிதான். விழுந்து கும்பிடக்கூட அங்கன இடம் இருக்காது."

அன்று வீட்டில் அய்யாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினாள். மூன்று நாற்காலிக் கம்பெனிக்கு மகளைக் கோயமுத்தூர் அனுப்பவா என்று அவர் முதலில் மூஞ்சியைத் தூக்கினார். அவள் எழுதியனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டதும்தான் ஒரு இடத்தில் நிமிர்ந்தார்.

"நான் எங்கத்தா தூங்குனேன்?"

"ரெண்டு தடவையும் தூங்குனீக."

"கண்ணைத்தான் மூடியிருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பெட்டி நெசமாவே நிறுத்துமா?"

"நிறுத்தும்னுதான் சொல்றாக. போயிப் பாத்துச் சொல்றேன்."

"சும்மா பாத்துட்டு வந்துராத. ஒன்னு வாங்கிட்டு வா." அதோடு மாமனுக்கும் ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். துடைத்த மேசைமேல் மாமன் ஏலக்காய் மூட்டையை ஏற்றி வைத்தார்.

புறப்படுகிற அன்று பூமாரி இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து, தான் அங்கே இத்தனை வருஷம் வேலை பார்த்ததாக ஒரு சர்டிபிகேட்டைத் தானே அடித்து நீட்டினாள். மாஸ்டர் மேசையில் அப்போது வேறொரு கடிதம் கிடந்தது. சென்னை விளம்பரக் கம்பெனி அவருக்கே நேராக எழுதியிருந்தது. முதுகு வலித் தைலம் ஒன்றுக்கு விளம்பரம் வேண்டுமாம், குனிவதைப் பற்றி அவரைவிட அறிந்தவர் யாரும் இல்லையாம், என்ன கூலி வேண்டும் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். மெஷினில் பதில் பாதி அடித்துக் கிடந்தது. "மகா கனம் பொருந்திய" என்று ஆரம்பித்து, அதன்மேல் வரிசையாக எக்ஸ் அடித்து மறைத்துவிட்டு, கீழே, "நான் சும்மா எழுதுவதில்லை" என்று இருந்தது.

"அவுகளுக்குக் கொஞ்சம் வெறைப்பா எழுதுனாத்தான் மதிப்பாக போல" என்றார் மாஸ்டர், தானே கண்டுபிடித்த மாதிரி.

"அப்படியா மாஸ்டர்" என்றாள் பூமாரி. சர்டிபிகேட்டைக் காட்டினாள். "இதுல போடுங்க. உங்க பேருக்கு மட்டும் போடுங்க."

மாஸ்டர் பேனாவை எடுத்தார். ஞானதுரை என்று எழுதினார். கடைசி எழுத்துக்கு வந்ததும் கை ஒரு சுழிக்குக் கிளம்பியது. அவர் அதை இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினார்.